வலது கீழறையின் சாட்சி

அன்புள்ள டாக்டர்,

அப்பாவுக்கு வயது 64. இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்தது. போன மாதம் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோவில் இ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம்தான் என்றார்கள். கொடுத்த மாத்திரைகளில் ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி. ஒன்று. பெட்டிக்குள் இருந்த தாளில் அது பிரஷருக்கும் நீர் இறங்கவும் என்று போட்டிருக்கிறது. அப்பாவின் பிரஷரே 104/66தான். கால் வீக்கமும் வடிந்துவிட்டது. பின் எதற்கு இது? மார்புக் காம்பில் வலிக்கிறது என்று வேறு சொல்கிறார். பத்து நாளாக நாங்களே நிறுத்தி வைத்திருக்கிறோம். பொட்டாசியம் 4.6, கிரியேட்டினின் 1.2 என்று ரிப்போர்ட் இருக்கிறது. உப்பை அறவே விட்டுவிட்டால் இந்த மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம் இல்லையா? ஆல்டோஸ்டிரோனைக் குறைக்க மூச்சுப்பயிற்சி உதவுமா?

– கே.

அன்புள்ள கே.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசுவோம். இ.எஃப். 30 உள்ள மனிதருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு நிறுத்தினீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாள் கழித்து எனக்குக் கடிதம் எழுத நேரம் இருந்திருக்கிறது, அவருக்கு ஒரு போன் போட நேரம் இல்லை. நாளைக் காலை அதைச் செய்யுங்கள்.

மூச்சுப்பயிற்சி மனதுக்கு நல்லது, செய்யட்டும். இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது ஒரே வரி: 'பிரஷரே 104/66தான், பின் எதற்கு இது?' படித்தவர்கள், படிக்காதவர்கள், சில சமயம் இளம் டாக்டர்கள்கூட இதையே கேட்கிறார்கள். பிரஷர் என்பது வீட்டிலேயே அளந்துவிடக்கூடிய எண். அளக்க முடிந்ததையே நோய் என்று நினைத்துக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. இந்த மாத்திரை தடுப்பது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையை. அது இதயத்துக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் உடம்பில் பிடித்து வைப்பதும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே அனுப்புவதும் அதன் வேலை. 1953-ல் இதைப் பிரித்தெடுத்த பிறகு நெடுங்காலம் இது சிறுநீரக விவகாரமாகவே பார்க்கப்பட்டது. உப்பு சேர்ந்தால் நீர் சேரும், பிரஷர் ஏறும், ஏறிய பிரஷர் இதயத்தைக் கெடுக்கும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

நான் மாணவனாக இருந்தபோது நோய்க்கூறியல் ஆய்வகத்தில் ஒரு ஆசிரியர் இருந்தார். இதயச் செயலிழப்பில் இறந்த ஒருவரின் இதயத்திலிருந்து வெட்டிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். தசை சிவப்பாகவும் கொலாஜன் நார் நீலமாகவும் தெரியும்படி சாயம் ஏற்றிய சீவல் அது. 'நீலம் நிறைய இருக்கிறது சார்' என்றேன். 'எவ்வளவு என்று உன்னை யார் கேட்டார்கள்? எங்கே என்று சொல்' என்று எரிந்து விழுந்தார். மறுபடி பார்த்தேன். மாரடைப்பில் தசை செத்த இடத்தில் நீலத் தழும்பு இருந்தது. அது இருக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் அந்த இடம் கிழிந்துவிடும். ஆனால் அங்கிருந்து வெகுதூரத்தில், தசை உயிரோடு இருக்கும் பகுதியிலும், ஒவ்வொரு சிறு தமனியைச் சுற்றியும் நீலம் வளையமாகப் படிந்து, தசை இழைகளுக்கு நடுவே விரல் விட்டிருந்தது. அங்கே எதுவும் சாகவில்லை. பின் ஏன் நார் போட்டது? நான் கேட்டேன். 'பிரஷராக இருக்கும்' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாணவனிடம் போய்விட்டார்.

பிரஷர் இல்லை என்று காட்டியவை எலிகள். அமெரிக்காவில் கார்ல் வெபர், கிறிஸ்டியன் பிரில்லா குழுவினர் 1990 வாக்கில் செய்த சோதனை அது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிலே.

எலிகளுக்கு மூன்று விதமாகப் பிரஷரை ஏற்றினார்கள். ஒரு கூட்டத்துக்குச் சிறுநீரகத் தமனியை நெரித்தார்கள். ரத்தம் குறைந்த சிறுநீரகம் பதறி ரெனினைச் சுரக்கும், அதன் வழியே ஆல்டோஸ்டிரோனும் ஏறும். இரண்டாவது கூட்டத்துக்கு அதிக உப்பு கொடுத்து ஆல்டோஸ்டிரோனையே நேராக உடம்பில் செலுத்தினார்கள். மூன்றாவது கூட்டத்தில்தான் சாமர்த்தியம். பெருந்தமனியைச் சிறுநீரகங்களுக்குக் கீழே நெரித்தார்கள். மேலே பிரஷர் ஏறும், ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாது, அதனால் ஆல்டோஸ்டிரோன் ஏறாது. மூன்றிலும் பிரஷர் உயர்ந்தது. மூன்றிலும் இடது கீழறையின் தசை தடித்தது. நார் படிந்ததோ முதல் இரண்டில் மட்டும். பிரஷர் மட்டும் ஏறிய மூன்றாவது கூட்டத்தில் தசை பருத்ததே தவிர, நார் கூடவில்லை.

அதோடு விடவில்லை. முதல் இரண்டு கூட்டங்களின் வலது கீழறையையும் வெட்டிப் பார்த்தார்கள். வலது கீழறை நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது. கையில் பட்டை கட்டி நாம் அளக்கும் அந்தப் பிரஷர் அதன் மேல் விழுவதே இல்லை. அதனால்தான் அதன் தசை தடிக்கவும் இல்லை. ஆனால் அங்கேயும் நார் படிந்திருந்தது! பிரஷர் எட்டாத அறையில் நார் எப்படி வந்தது? இரண்டு அறைகளுக்கும் பொதுவாகப் போய்ச் சேர்வது ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் ஒன்றுதான். அப்புறம் பிரஷரை இறக்காத அளவுக்குக் குறைந்த டோஸில் ஸ்பைரனோலாக்டோன் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் உயர்ந்தபடியே இருந்தது, நார் படியவில்லை.

1994-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபண்டர் குழுவினர் இதையே தலைகீழாகச் செய்தார்கள். ஆல்டோஸ்டிரோன் ஏற்றிய எலிகளின் மூளைக்குள் மட்டும் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பிரஷர் ஏறாமல் நின்றது. இதயத்தில் நார் படிவது நிற்கவில்லை. ஒன்றில் பிரஷர் இருந்தும் நார் இல்லை, மற்றதில் பிரஷர் இல்லாமலே நார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் 'பிரஷர் மாத்திரை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

நடப்பது இதுதான். ஆல்டோஸ்டிரோன் போய் ஒட்டும் ஏற்பி சிறுநீரகத்தில் மட்டும் இல்லை. இதயத் தசையில், ரத்தக்குழாயின் உட்சுவரில், நார் நெய்யும் செல்களில், அழற்சி செல்களிலும் இருக்கிறது. அது இடைவிடாமல் தூண்டப்படும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சரியாகத் தர முடியாமல் போகிறது, குழாய் விரிய மறுக்கிறது. சிறு தமனிகளைச் சுற்றி அழற்சி செல்கள் கூடுகின்றன. பின்னாலேயே நார் செல்கள் வந்து கொலாஜனைப் படிய வைக்கின்றன. விறைத்த சுவர் சரியாகத் தளர்ந்து ரத்தத்தை வாங்காது. தசை இழைகளுக்கு நடுவே நார் புகுந்தால் மின்னோட்டம் நேராகப் போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போகும். துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் வருவதற்கு அது ஒரு வழி. இதில் எதையும் பிரஷர் கருவி காட்டாது.

மனிதர்களிலும் இதற்குத் தடயம் உண்டு. அட்ரினலில் கட்டி வந்தோ சுரப்பி பெருத்தோ ஆல்டோஸ்டிரோன் தானாக அதிகம் சுரப்பவர்களை, அதே அளவு பிரஷர் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு 2005-ல் பிரான்சில் ஓர் ஆய்வு வந்தது. பக்கவாதம் வந்தவர்கள் முதல் குழுவில் 12.9 சதவீதம், இரண்டாவதில் 3.4.

உப்புக்கு வருகிறேன். பாதி சரி, பாதி தப்பு. அந்த எலிகளுக்கு உப்பைக் குறைத்து ஆல்டோஸ்டிரோனை மட்டும் ஏற்றினால் நார் படிவதில்லை. உப்பே சேர்க்காத அமேசான் காட்டு யனோமாமி மக்களுக்கு ஆல்டோஸ்டிரோன் எக்கச்சக்கம், பிரஷரோ மிகக் குறைவு. உப்பு கிடைக்காத உடம்பில் இந்த ஹார்மோன் ஏறுவது இயற்கை. உப்பு ததும்பும் உடம்பில் ஏறுவதுதான் விபரீதம். உங்கள் அப்பாவின் இதயம் போதிய ரத்தத்தை அனுப்பாததால் சிறுநீரகம் உடம்பில் நீரே வற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. காலில் நீர் கோத்திருக்கும்போதே இன்னும் பிடித்து வை என்று ஆல்டோஸ்டிரோனை ஏற்றுகிறது. உப்பைக் குறைப்பது நல்லது, ஆனால் அதனால் ஆல்டோஸ்டிரோன் குறையாது, கூடத்தான் செய்யும். மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. இன்னொன்று: உப்புக்குப் பதில் என்று விற்கும் 'லோ சோடியம்' உப்பைத் தொடாதீர்கள். பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. இந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

மாத்திரை உயிரைக் காக்கிறதா என்பதற்கு 1999-ல் பெர்ட்ரம் பிட் தலைமையில் வந்த 'ரேல்ஸ்' ஆய்வு பதில் சொல்லிவிட்டது. இ.எஃப். 35-ஐத் தாண்டாத, கடுமையாக மூச்சு வாங்கும் 1,663 பேர். பாதிப் பேருக்கு ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி., உங்கள் அப்பாவுக்கு எழுதிய அதே அளவு. சராசரியாக இரண்டு வருடத்தில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், இதைச் சாப்பிட்டவர்களில் 35. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் பிரஷரில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் துணுக்குகள் ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கே பலன் அதிகம் என்று ஃபையஸ் ஸனாட் அடுத்த வருடம் காட்டினார். பொட்டாசியம் காக்கப்படுவதும் பலனில் ஒரு பங்கு என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும், அதற்கும் இதே மாத்திரைதான் வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும் மருந்தும் அல்ல. ரேல்ஸ் வந்ததும் கனடாவின் ஒன்டாரியோவில் டாக்டர்கள் இதை அள்ளி அள்ளி எழுதினார்கள். பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4-லிருந்து 11 ஆனார்கள். ஆய்வில் முறையாகப் பார்த்துவந்த பொட்டாசியத்தை வெளியே சரிவரப் பார்க்கவில்லை. அப்பாவின் 4.6 நல்ல எண், கிரியேட்டினினும் பரவாயில்லை. ஆனால் அது எந்தத் தேதியின் ரிப்போர்ட் என்று எழுதவில்லை. டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால், முதல் வாரத்திலும் நாலாவது வாரத்திலும் ரத்தம் பாருங்கள், அப்புறம் அவர் சொல்லும் இடைவெளியில். 5.5-க்கு மேல் போனால் டோஸைக் குறைப்பார்கள், 6-ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வறண்டால் அன்றே அவரைக் கூப்பிடுங்கள்.

மார்பு வலிக்கு வருவோம், பாவம், மனிதர் கூச்சப்பட்டு மென்று விழுங்கியிருப்பார். ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோனின் ஏற்பியிலும் போய் ஒட்டும். ரேல்ஸில் பத்தில் ஒரு ஆணுக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. எப்லெரினோன் என்று இன்னொரு மாத்திரை உண்டு, இதே ஏற்பியைத்தான் அடைக்கும், இந்தத் தொந்தரவு மிகக் குறைவு. மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் முன்னால் அப்பாவையே வாயைத் திறந்து சொல்ல வையுங்கள்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போட்டுக்கொள்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அதையும் சொல்லுங்கள், பொட்டாசியத்தை ஏற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு.