ஜன்னல் ஓரக் கசிவு: கோளாறு சிலிகானிலா, அதன் முதுகுப்புறத்திலா?

கேள்வி: ஜன்னல் ஃபிரேமின் ஓரமாக மழைநீர் உள்ளே வருகிறது. இரண்டு முறை சிலிகான் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அடுத்த மழைக்காலத்தில் விட்டுவிடுகிறது. இன்னும் விலை கூடிய சிலிகான் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன், இப்போது அடித்திருப்பதில் ஒரு விரல் நீளத்தை பிளேடால் அறுத்தெடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் ஓரத்தில் சாந்துத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால், அது சுவரைப் பிடிக்கவே இல்லை, தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய சிலிகானின் மேலேயே புதியது பூசப்பட்டிருந்தாலும் கதை அதேதான், ஏனெனில் உலர்ந்த சிலிகானின்மேல் வேறெதுவும் சரியாக ஒட்டாது. இரு ஓரங்களும் உறுதியாக இருந்து நடுவில் நீளவாக்கில் கிழிந்திருந்தால் காரணம் வேறு: சீலன்ட் இடைவெளியின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடியில் ஒட்டினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள யுபிவிசி ஃபிரேம், வெப்பநிலை 30 டிகிரி ஏறி இறங்கும்போது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை. இந்த அசைவை நடுவிலுள்ள சீலன்ட்தான் ரப்பர் வளையம்போல இழுபட்டுத் தாங்க வேண்டும். ஃபிரேம், சுவர் என இரண்டு பக்கங்களில் மட்டும் ஒட்டியிருந்தால் அது தாராளமாக இழுபடும். முதுகையும் பிடித்து வைத்துவிட்டால் இழுபட வழியின்றிக் கிழியும். அந்த முதுகு ஒட்டாமல் இருப்பதற்காகத்தான் பேக்கர் ராட் எனப்படும் பாலிஎத்திலீன் நுரைக் கயிறு உள்ளே வைக்கப்படுகிறது.

கயிறு இடைவெளியைவிடக் கால் பங்கு தடிமனாக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 12 அல்லது 13 மில்லிமீட்டர் கயிற்றை, அதன் முன்பக்கம் சுவர் மட்டத்திலிருந்து 6 மில்லிமீட்டர் உள்ளே நிற்குமாறு, முனை மழுங்கிய மரத்துண்டால் அழுத்திச் செருகுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினால் நுரையிலுள்ள காற்று வெளியேறி, உலராத சீலன்ட்டில் குமிழி விடும். செருகுவதற்கு முன் பழைய சிலிகானை முழுவதும் சுரண்டி, பூச்சைத் தூரிகையால் தூசி போகத் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். பொடி உதிரும் பூச்சானால், அந்தச் சீலன்ட்டுக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் பிரைமரைப் பூசாமல் தொடராதீர்கள்.

கயிறு செருக ஆழம் இல்லாத இடங்களும் உண்டு. பூச்சு ஃபிரேமின் விளிம்புவரை ஏறிவந்து, 6 அல்லது 7 மில்லிமீட்டர் பள்ளம் மட்டுமே மிஞ்சியிருக்கும். அங்கே கயிற்றைத் திணித்தால் அது வெளியே பிதுங்கும், அதன்மேல் சீலன்ட் காகிதம்போல மெலிந்துபோகும். கயிறே வேண்டாம் என்று விட்டால் முதுகு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பள்ளத்தின் அடியில் மட்டும், சீலன்ட் ஒட்டாத பாலிஎத்திலீன் டேப்பை, பள்ளத்தின் அகலத்துக்கே நறுக்கி ஒட்டுங்கள். டேப் பக்கச் சுவர்களில் ஏறிவிடக் கூடாது. ஏறினால் பிடிக்க வேண்டிய இடத்திலும் பிடிக்காது. இதைச் சொன்னால் பல ஆட்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 10 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஒரு மீட்டருக்கு 60 மில்லிலிட்டர் செலவாகும். 300 மில்லிலிட்டர் ட்யூப் ஐந்து மீட்டருக்குத்தான் வரும். உங்கள் ஜன்னல் 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால் சுற்றளவே 5.4 மீட்டர். நான்கு ஜன்னல்களுக்கு ஒரே ட்யூபுடன் வருபவர் ஓரத்தில் கோடு இழுக்க வந்திருக்கிறார், வேறொன்றுமில்லை. வேலை முடிந்ததும், ஜன்னல் பொருத்தியவர் பூச்சுக்காரரைக் காட்டுவார், பூச்சுக்காரர் பெயின்டரைக் காட்டுவார். யாருடைய மதிப்பீட்டிலும் இந்த இடைவெளி ஒரு வரியாகக்கூட இருக்காது. இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் இந்த முறை மாறியதாக எனக்குத் தெரியவில்லை. கயிற்றின் தடிமனையும் ட்யூப்களின் எண்ணிக்கையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அமிலம் சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து, பிடிக்க வேண்டிய பரப்பையே கெடுத்துவிடும். கண்ணாடிக்குத்தான் அது ஏற்றது. சிமென்ட் பூச்சுக்கு நியூட்ரல் சிலிகான் வேண்டும். மேலே பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால், சிலிகானில் பெயின்ட் நிற்காது என்பதால் பாலியூரித்தேன் அல்லது ஹைப்ரிட் சீலன்ட் வாங்குங்கள்.

ஒரு வாரம் உலரவிட்டுப் பிறகு ஹோஸால் தண்ணீர் அடித்துப் பாருங்கள், ஆனால் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது நின்றபின் மேலே செல்லுங்கள். மேலிருந்து அடித்தால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. நீர் சுவர் ஓரத்தில் வராமல் ஃபிரேமின் தண்டவாளத்திலிருந்து வழிந்தால், அடியிலுள்ள வடிகால் துளைகளை யாரோ சிலிகானால் அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.