தோல் பை ஆர்டருக்கு விலையைப் பிரித்துக் காட்டலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பை தைத்துக் கொடுக்கிறேன். எதற்கு எவ்வளவு என்று வாடிக்கையாளர் பிரித்துக் கேட்கிறார். தரலாமா?

என்னென்ன போடுகிறீர்கள் என்பதைக் கொடுங்கள். ஒவ்வொன்றின் ரேட் வேண்டாம். சிக்கல் தோலில்தான் வரும். துண்டுகளின் அளவைக் கூட்டினால் 4 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வாங்குவது 5 அடியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்றிருக்கும். உண்ணித் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு எல்லாவற்றையும் ஒதுக்கித்தான் வெட்ட முடியும். அடி 100 ரூபாய் என்றால் பைக்கு 500 ஆகிறது.

ஒருமுறை இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். “பேட்டர்ன் 4 அடிதானே, 100 ரூபாய் குறைங்க” என்றார் வாடிக்கையாளர். குறைத்தேன். தழும்புத் துண்டும் பையில் போனது, சரக்கு திரும்பி வந்தது. இன்றும் மனசு வலிக்கிறது.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: “சார், இது முழுப் பைக்கான விலை. தோல் வகை, தடிமன், லைனிங், ஜிப் எல்லாம் எழுதித் தர்றேன். பட்ஜெட் குறைவுன்னா எதை மாத்தலாம்னு பேசுவோம்.” பெரும்பாலும் லைனிங்கையோ ஜிப்பையோ மாற்றிச் சமாளிக்கலாம்.

தோலை அவரே வாங்கித் தந்து, நீங்கள் கூலிக்கு மட்டும் தைத்தால் கதை வேறு. அப்போது எத்தனை அடி செலவானது என்று கணக்கு காட்டி, மிச்சத் துண்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.