டிரில்லுக்குச் சரியான ரெகுலேட்டர், பெஞ்ச் மெஷினில் ஏன் உறுமுகிறது?

கேள்வி: என் 600 வாட் கை டிரில்லுக்காக, 2000 வாட் என்று போட்டிருந்த டிரையாக் ஸ்பீட் ரெகுலேட்டர் வாங்கினேன். நன்றாக வேலை செய்கிறது. அதையே பட்டறையில் உள்ள அரை ஹெச்.பி. பெஞ்ச் டிரில்லிங் மெஷினுக்கு மாட்டினால் மோட்டார் உறுமுகிறது, சூடாகிறது, வேகமோ குறைவதில்லை. ரெகுலேட்டர் பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா? சீலிங் ஃபேனும் இண்டக்ஷன் மோட்டார்தானே, அது மட்டும் எப்படி ரெகுலேட்டரில் ஓடுகிறது?

பதில்: ரெகுலேட்டரில் பழுது இல்லை, மாற்றி வாங்கினாலும் இதேதான் நடக்கும். பெஞ்ச் மெஷினிலிருந்து அதை இன்றே கழற்றிவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரின் காயில் கருகும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 அரை அலைகள், ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடி. ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரையாக் ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச். ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் அது கரன்ட்டை விடாமல் மூடியே இருக்கும். குமிழைத் திருப்பும்போது அது எத்தனை மில்லி விநாடி கழித்துத் திறக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறீர்கள். திறந்தபின் கரன்ட் பூஜ்ஜியத்தைத் தொடும் வரை அது மூடாது. நடுவில், அதாவது 5 மில்லி விநாடி கழித்துத் திறந்தால், 230 வோல்ட் ஏறக்குறைய 163 வோல்ட் ஆகிவிடும். ஆனால் மோட்டாருக்குப் போவது வழவழப்பான அலை அல்ல, முன்பாதி வெட்டப்பட்ட அலை. நொடிக்கு எத்தனை அலை என்பது மட்டும் மாறவே மாறாது. உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கை டிரில்லில் உள்ளது யூனிவர்சல் மோட்டார். கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் வைத்தது. ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இருப்பதால் ஒரே கரன்ட் இரண்டிலும் ஓடுகிறது. அலை திசை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாறுவதால் சுழலும் திசை மாறாது, டிசியில்கூட ஓடும். அதன் வேகத்துக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. வோல்டேஜும் சுமையும்தான் வேகத்தை முடிவு செய்கின்றன. அலையை வெட்டினால் சராசரி குறைகிறது, வேகமும் குறைகிறது. வெட்டிய அலையின் குலுக்கல் அதற்கும் உண்டு, ஆனால் பிரஷ் சத்தத்திலும் கியர் சத்தத்திலும் அது காதில் விழாது.

பெஞ்ச் மெஷினில் உள்ளது இண்டக்ஷன் மோட்டார், அதில் பிரஷ் கிடையாது. ஸ்டேட்டரில் சுழலும் காந்தப்புலத்தை ரோட்டார் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அந்தப் புலத்தின் வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸும், போல் எனப்படும் காந்த முனைகளின் எண்ணிக்கையும் மட்டுமே. 4 போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று. பெயர்ப்பலகையில் 1440 என்று இருந்தால், முழுச் சுமையில் ரோட்டார் 60 சுற்று பின்தங்குகிறது என்று அர்த்தம்.

இப்போது குமிழைத் திருப்பி வோல்டேஜை 70 சதவீதமாக்குங்கள். இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதியாகிறது. அதே சுமையை இழுக்க ரோட்டார் ஏறக்குறைய இரண்டு மடங்கு பின்தங்க வேண்டும்: 60 சுற்று 120 ஆகும், வேகம் 1440-லிருந்து 1380 ஆகும். அவ்வளவுதான் குறைந்தது, ஆனால் ரோட்டாரில் வெப்பமாக வீணாகும் மின்சக்தி இரட்டிப்பாகிவிட்டது. சுமை இல்லாமல் ஓடும்போது இந்தச் சின்ன மாற்றமும் தெரியாது. இன்னும் திருப்பினால் தாக்குப்பிடிக்க முடியாமல் சட்டென்று நின்றுவிடும். இடைப்பட்ட வேகம் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது.

உறுமலுக்கு வருவோம். டிரையாக் திறக்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் ஒரே தாவலாக ஏறுகிறது, நொடிக்கு 100 தடவை. வெட்டிய அலைக்குள் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்திருக்கும். இவை வேகத்துக்கு உதவாமல் ஸ்டேட்டர் தகடுகளையும் காயிலையும் அதிர வைக்கின்றன. 50 ஹெர்ட்ஸின் வழக்கமான ரீங்காரத்தைவிட இந்த மேல் அலைகள் நம் காதுக்கு எடுப்பாகக் கேட்கும்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. மோட்டார் காயிலில் கரன்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கித்தான் வரும், மெதுவாகத்தான் ஏறும். டிரையாக்கைத் திறக்கக் கொடுக்கும் மின்துடிப்பு மிகக் குறுகியது. கரன்ட் போதுமான அளவு ஏறுவதற்குள் அது முடிந்துவிட்டால் டிரையாக் திறந்த நிலையில் நிற்காது, அந்த அரை அலை தவறிப்போகும். மேல் அரை அலை போய்க் கீழ் அரை அலை தவறினால் மோட்டாருக்குள் டிசி நுழைந்ததுபோல் ஆகிவிடும். காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் கரன்ட் தாறுமாறாக ஏறும், இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பிவிடும். சத்தம் கனத்து, மெஷினே நடுங்கி, சுமை இல்லாமலேயே சில நிமிடங்களில் மோட்டார் கை வைக்க முடியாத சூடானால் இதுதான் காரணம். அப்படி இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நிறுத்துங்கள்.

உங்கள் மெஷினில் தலைமேல் கப்பாசிட்டர் டப்பா இருந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கக்கூடும். ஸ்டார்ட் வைண்டிங்கைக் கழற்றிவிட மோட்டாருக்குள் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் வைத்த மாடல்களில், வேகம் வெகுவாகக் கீழே இறங்கினால் அது ஸ்டார்ட் வைண்டிங்கை மறுபடி இணைத்துவிடும். ஸ்டார்ட் வைண்டிங் சில நொடிகளுக்காகவே செய்யப்பட்டது. அது மாட்டியே ஓடினால் முதலில் கருகுவது அதுதான்.

சீலிங் ஃபேன் தப்பிப்பதற்குக் காரணம் அதன் சுமை. காற்றைத் தள்ளத் தேவைப்படும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறைகிறது. வேகம் பாதியானால் தேவை கால் பங்குதான். ரோட்டாரும் நிறையப் பின்தங்கி ஓடுவதற்கு ஏற்றபடி செய்யப்பட்டிருக்கும், சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சும் கிடையாது. அப்படியும் குமிழ் வகை டிரையாக் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால், இரவில் ஃபேன் ரீங்காரமிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் பிடிக்காவிட்டால், கப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் வாங்குங்கள். அது அலையை வெட்டாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பதால் சத்தம் வராது. பிஎல்டிசி ஃபேனுக்கு இரண்டுமே கூடாது.

வாங்குவதற்கு முன் மோட்டாரை அடையாளம் காண்பது சுலபம். பக்கவாட்டில் பிரஷ் மூடிகள், காற்றுத் துவாரம் வழியே தெரியும் நீலப் பொறி, கீச்சென்ற இரைச்சல் இருந்தால் யூனிவர்சல். பலகையில் 1440 அல்லது 2800 போன்ற எண், கப்பாசிட்டர் டப்பா, அமைதியான ஓட்டம் என்றால் இண்டக்ஷன். மிக்ஸி முதல் வகை, வெட் கிரைண்டர் இரண்டாவது.

பெஞ்ச் மெஷினின் வேகத்தைக் குறைக்க நல்ல வழி, பெல்ட்டைப் புல்லியின் வேறு படிக்கு மாற்றுவதுதான். வேகம் குறையும், முறுக்குவிசையோ கூடும். ஓடும்போதே மாற்றித் தீர வேண்டும் என்றால், அரை ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாரும், சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் தரும் விஎஃப்டியும் சேர்த்து வாங்க வேண்டும். அது ஹெர்ட்ஸையே மாற்றும். மோட்டாரை டெல்டாவில் 230 வோல்ட்டுக்கு இணைக்க முடியுமா என்று பலகையைப் பார்த்து வாங்குங்கள். இப்போதுள்ள கப்பாசிட்டர் மோட்டாரையே விஎஃப்டியில் மாட்டாதீர்கள்.

ரெகுலேட்டரை டிரில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். டிரில்லின் டிரிக்கரிலேயே வேகம் மாறும் வசதி இருந்தால் வெளி ரெகுலேட்டர் வேண்டாம். இரண்டு டிரையாக் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் வெட்டி வெட்டி ஓடும். இன்னொன்று, டிரில்லின் குளிர்விப்பு விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. மெதுவாக ஓட்டி அழுத்தித் துளைத்தால் சூடு ஏறும், காற்று போதாது. இடையிடையே சுமை இல்லாமல் முழு வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.