பாதி முளைத்த ஞானப்பல்லும் அதைச் சுற்றிய ஈறு வீக்கமும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் பல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். கீழ்த்தாடை ஞானப்பல் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய சேவையில் இருக்கும் 20 வயது இளைஞர்: டாக்டர், இடப்பக்கக் கீழ்த்தாடையின் கோடியில் மூன்று நாளாக வலி. காது வரை இழுக்கிறது, வாய் சரியாகத் திறக்கவில்லை. காதில் கோளாறா, பல்லில் கோளாறா?

உங்கள் வயதையும் வலி தொடங்கிய இடத்தையும் பார்த்தால், பாதி வெளிவந்த ஞானப்பல்லைச் சுற்றியுள்ள ஈறு வீங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் பெரிகொரோனைட்டிஸ் என்கிறோம். பல் முழுவதும் மேலே வர இடமில்லாதபோது, அதன் பின்பாதியை ஈறு ஒரு மூடிபோல் மூடிக்கொண்டிருக்கும். அந்த ஈறு மடலுக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு பை உருவாகிறது. பல் துலக்கியின் நார்கள் அங்கே எட்டுவதில்லை. உணவுத் துணுக்கும், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் அங்கே தங்கி, மடல் வீங்குகிறது. வீங்கிய மடலை மேல் ஞானப்பல் ஒவ்வொரு கடியிலும் நசுக்குவதால், வீக்கம் மேலும் கூடுகிறது.

கீழ்த்தாடைக்கும் காதருகிலும் உணர்வைக் கொண்டுசெல்பவை ஒரே நரம்பின் கிளைகள் என்பதால், வலி காதில் இருப்பதுபோல் தோன்றும். மெல்லும் தசைகள் அந்தப் பல்லுக்கு மிக அருகில் செல்வதால், அழற்சி அவற்றைத் தொட்டவுடன் வாய் இறுகுகிறது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அங்கேயே வலித்து, நாக்கில் உப்பும் கசப்பும் கலந்த சீழ்ச்சுவை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அந்த மடல்தான். குளிர்ந்த நீர் பட்டதும் சுள்ளென்று வலித்து, பிறகும் நெடுநேரம் நீடித்தால் சொத்தையை நினைக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் விரல்களையே நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக மூன்று விரல் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் இன்றே முகாம் மருத்துவ அதிகாரியையோ பல் மருத்துவரையோ பாருங்கள். ஒரு விரலும் நுழையவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகுகிறது, நாக்கின் அடிப்பகுதி தடித்து மேலே தள்ளுகிறது, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது என்ற அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், மூச்சுத் திணறினால் 995 அழையுங்கள். கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி, வாயின் தரையாக அமைந்த தசைக்கும் கீழே இறங்கியிருப்பதால், அங்கிருந்து கிளம்பும் தொற்று கழுத்துப் பக்கம் எளிதில் இறங்கிவிடும்.

ஈசூனிலிருந்து ஓர் இல்லத்தரசி: என் மகளுக்கும் இதேதான். உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்று என் மாமியார் சொல்கிறார். ஐந்து நாளாகச் செய்தும் குறையவில்லை. கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. வெதுவெதுப்பான உப்புநீர் நல்ல மருந்துதான். ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 250 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். ஆனால் கன்னத்தில் நீரை வைத்துக் குலுக்குவதால் வாய் கழுவப்படுமே ஒழிய, மடலுக்கு அடியில் நீர் புகாது. ஐந்து நாளாகியும் குறையாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த 24 வயதுப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். அவரும் நாள்தோறும் ஆறு முறை கொப்பளித்தவர். நான் வளைந்த மழுங்கல் முனையுள்ள பிளாஸ்டிக் சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை எடுத்து, முனையை மடலின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினேன். முதலில் கலங்கலான நீர் வந்தது. மூன்றாம் முறை அழுத்தியபோது, தாளிப்பில் போட்ட கடுகு ஒன்று ஊறிப் பருத்து வெளியே வந்து விழுந்தது. அதன்பின் நீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். மறுநாள் காலையில் வலி பாதியாகிவிட்டது என்று அவர் தொலைபேசியில் சொன்னார். நான் அவருக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை எதுவும் எழுதவில்லை.

ஆகவே மகளை ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அடியில் கழுவச் செய்யுங்கள். அப்படியே அந்தச் சிரிஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் உணவுக்குப் பின் எப்படிச் செய்வது என்று கண்ணாடி முன் காட்டச் சொல்லுங்கள். முனையை உள்ளே குத்தித் தள்ளக் கூடாது, வேகமாகப் பீய்ச்சவும் கூடாது. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியும் உதவும்: 0.2 விழுக்காட்டு மருந்தில் 10 மில்லி, ஒரு நிமிடம், நாளுக்கு இரு முறை, ஏறத்தாழ ஒரு வாரம். பற்பசையின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். மருந்தைக் கொப்பளித்த கையோடு தேநீரோ கோப்பியோ குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அது பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும்.

கிராம்பு எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே புண்ணான ஈறை அது சுட்டு வெள்ளையாக்கி, அடுத்த நாள் எந்த வலி எதனால் என்றே தெரியாமல் செய்துவிடும். ஆஸ்பிரினை ஈறில் ஒதுக்கி வைப்பதும் அப்படித்தான். வலி தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் கொடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென் இந்த வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் கூடும் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது. நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் நினைக்க வேண்டும்; அந்தச் சந்தேகம் தீரும்வரை அதைத் தொடாதீர்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தொழிலாளர்: ஊரிலிருந்து கொண்டு வந்த அமாக்ஸிசிலின் நான்கு போட்டேன், வலி நின்றுவிட்டது. இது மூன்றாவது தடவை. மாத்திரை இருக்கும்போது பல்லை எதற்கு எடுக்க வேண்டும், அண்ணே?

தம்பி, நான் அண்ணன் இல்லை, அக்கா, அதனால் ஒன்றுமில்லை. வலி நின்றதற்கு மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சீழ் தானாக வடிந்தாலும் இந்த வலி இரண்டு மூன்று நாளில் தணியும். மடலும் பையும் அப்படியேதான் இருக்கின்றன, அதனால்தான் மூன்றாம் தடவையும் வந்திருக்கிறது. கிருமிக்கொல்லி தேவைப்படுவது காய்ச்சல், கன்னத்திலோ தாடைக்குக் கீழோ வீக்கம், வாய் இறுக்கம் என்று தொற்று பரவும்போதுதான். அப்போதும் அடியில் கழுவுவதோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மெட்ரோனிடசோல் அல்லது அமாக்ஸிசிலின். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாள்களிலும், முடித்த பின் இரண்டு நாளும் பீர் உட்பட மது எதுவும் கூடாது.

எடுப்பதைப் பற்றி என் கருத்து இதுதான். முதல் தடவை வந்து, கடுமையில்லாமல் தணிந்துவிட்டால் பல்லை எடுக்க அவசரம் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அப்படியே சொல்கிறது: முதல் தாக்குதல் கடுமையாக இருந்தாலன்றி அது மட்டும் அறுவைக்குக் காரணம் ஆகாது, இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட தாக்குதல் காரணம் ஆகும். நீங்கள் மூன்றில் நிற்கிறீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மெடிசேவ் கணக்கு இல்லாததால் செலவு கையிலிருந்தே போகும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு விடுப்பில் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றால், புறப்படும் தேதிக்கு முந்திய வாரம் வேண்டாம்; போய் இறங்கிய முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள், தையலும் வீக்கமும் ஆற நாள் கிடைக்கும்.

பொங்கோலிலிருந்து ஒரு வாசகர்: மூடியிருக்கும் ஈறை மட்டும் வெட்டிவிட்டால் போதுமே. என் நண்பனுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

பல் நேராக நின்று, முழுவதும் மேலே வர இடமும் இருந்தால் அது போதும். உங்கள் நண்பருக்கு அப்படி இருந்திருக்கலாம். பல் சாய்ந்திருந்தாலோ, பின்பாதி தாடை எலும்புக்குள் புதைந்திருந்தாலோ, வெட்டிய ஈறு சில மாதங்களில் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். நான் அதைவிட அடிக்கடி செய்வது வேறு: மேல் ஞானப்பல் கீழ் மடலைக் குத்திக்கொண்டிருந்து, கீழ்ப்பல்லை இப்போதைக்குத் தொட முடியாத நிலை என்றால், மேல்பல்லை முதலில் எடுத்துவிடுவேன். அது பெரும்பாலும் சில நிமிட வேலை, நோயாளிக்கு அன்று மாலையே நிம்மதி தெரியும்.

ஒரு தாய்: என் மகனுக்கு ஆறு வயது. கடைசியில் ஈறு வீங்கி, வெள்ளையாக ஏதோ தெரிகிறது. இவ்வளவு சீக்கிரம் ஞானப்பல் வருமா?

அது ஞானப்பல் அல்ல, அம்மா. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல் அது. அதன் மேலும் இப்படி மடல் கிடக்கும், ஆனால் அந்தப் பல்லுக்கு இடம் இருப்பதால் மடல் தானாக விலகிவிடும். மென்மையான துலக்கியை அங்கே குறுக்காக வைத்துத் துலக்கிவிடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: என்னுடைய பல்லை வீக்கம் இருந்த அன்றைக்கே எடுத்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. சிலர் இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். எது சரி?

இதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. வாய் நன்றாகத் திறந்து, பல்லும் நேராக இருந்தால், அன்றே எடுப்பதால் நோயின் ஊற்று உடனே அடைபடுகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். நான் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். அழற்சியுள்ள திசுவில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்வதில்லை. வாய் திறக்காத நோயாளிக்கு எலும்பைச் செதுக்கிப் பல்லை இரண்டாக வெட்டி எடுப்பது அவருக்கும் எனக்கும் பாடு.

காத்திருக்கும் நாளில் தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரேவை நிதானமாகப் பார்க்கலாம். கீழ்த்தாடை நரம்பு செல்லும் குழாயின் வெள்ளைக் கோடு வேரைக் கடக்குமிடத்தில் அறுபட்டிருந்தாலோ, வேர் அங்கே கருத்துத் தெரிந்தாலோ, முப்பரிமாணப் படம் எடுக்கச் சொல்வேன். நரம்பு வேரோடு ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் எடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு. கீழுதட்டில் நிலையான மரப்பு ஏற்படுவது நூறில் ஒருவருக்கும் குறைவு என்றாலும், கையெழுத்து வாங்கும் முன் மருத்துவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறுவை முறையில் எடுக்கும் பல்லுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சாதாரணமாகப் பிடுங்கினால் முடியாது. எந்த முறை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்ட அதே இளைஞர்: டாக்டர், பார்த்துவிட்டேன். இரண்டு விரல்தான் திறந்தது, அடியில் கழுவினார்கள், மாத்திரை தந்தார்கள். மூன்று வாரம் கழித்து அறுவை. நடுவில் ஐந்து நாள் வெளிக்களப் பயிற்சி இருக்கிறது. போகலாமா?

முதலில் தாக்குதல் முழுவதும் அடங்க வேண்டும். பயிற்சிக்கு முந்திய நாள் மறுபடி அளந்து பாருங்கள். மூன்று விரல் நுழைந்து, அழுத்தினால் சீழ்ச்சுவை வராமல் இருந்தால் போகத் தடை சொல்ல மாட்டேன். முடிவு உங்கள் மருத்துவ அதிகாரியுடையது. சிரிஞ்சையும் சில உப்புப் பொட்டலங்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் வெந்நீர் கிடைக்காவிட்டால், குடிக்கத் தகுந்த சாதாரண நீரே போதும். பொட்டல உணவைத் தின்ற உடனே கழுவுங்கள், இரவு படுக்கும் முன் மறக்காதீர்கள். புகைப்பவராக இருந்தால் அறுவைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், பல் எடுத்த குழியில் இரத்தம் உறையாமல் எலும்பு வெறுமையாகி வலிக்கும் ஆபத்து புகைப்பவர்களுக்கு அதிகம். இரண்டு விரலுக்குத் திரும்பவும் குறைந்தால், பயிற்சியின் இரண்டாம் நாளாக இருந்தாலும் அதிகாரியிடம் உடனே சொல்லிவிடுங்கள்.