உப்பு கரைந்தால் தண்ணீர் ஏன் குளிர்கிறது, கணக்கு ஏன் தப்புகிறது?

கேள்வி: ஐயா, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சோடியம் குளோரைடின் கரைசல் என்தால்பியைக் கணக்கிட்டுக் காட்டினேன். படிகக்கூடு ஆற்றல் 788, நீரேற்ற ஆற்றல் சோடியம் அயனிக்கு −406, குளோரைடுக்கு −364. விடை +18 வந்தது. புத்தகத்தில் +4 என்று இருக்கிறது. ஒரு பையன் நெட்டில் இன்னொரு படிகக்கூடு மதிப்பை எடுத்துப் போட்டு −28 கொண்டுவந்துவிட்டான். எது சரி? நவச்சாரம் கரைத்தால் டம்ளரே சில்லிட்டுப் போகிறதே, இந்தக் கணக்கை வைத்து அதை எப்படி விளக்குவது?

பதில்: புத்தகத்தில் இருக்கும் +4தான் சரி. அளந்து பார்த்த மதிப்பு மோலுக்கு சுமார் 3.9 கிலோஜூல். உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, பையனுடையதிலும் இல்லை. நீங்கள் எடுத்த எண்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

முதலில் உங்கள் +18. சோடியம் அயனியை மட்டும் தனியாகத் தண்ணீரில் போட்டு எவ்வளவு வெப்பம் வந்தது என்று யாரும் அளந்ததில்லை, அளக்கவும் முடியாது. ஒரு நேர் அயனி போனால் கூடவே ஒரு எதிர் அயனியும் போயாக வேண்டும். அதனால் சோதனையில் நமக்குக் கிடைப்பது இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை மட்டும். சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் −784. இதில் சோடியத்தின் பங்கு எவ்வளவு, குளோரைடின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு ஹைட்ரஜன் அயனிக்கு ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அந்த மதிப்பை ஒருவர் ஒரு மாதிரி வைக்கிறார், இன்னொருவர் வேறு மாதிரி. ஆகவே ஒரு அட்டவணையில் −406, −378 என்று இருக்கும். இன்னொன்றில் −416, −367 என்று இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே தொகை. ஒன்றில் சோடியத்தை எடுத்து இன்னொன்றில் குளோரைடை எடுத்தால்தான் வம்பு. உங்கள் −406 ஒரு பங்கீட்டைச் சேர்ந்தது, −364 இன்னொன்றை. கூட்டினால் −770. பதினான்கு கிலோஜூல் வழியிலேயே தொலைந்துபோய்விட்டது.

இதில் பெரிய தொந்தரவு என்னவென்றால், இப்படிக் கலந்த எண்கள் சில கைடுகளில் ஒரே அட்டவணையிலேயே அச்சாகி இருக்கின்றன. அதனால் நான் எந்த அட்டவணை கையில் கிடைத்தாலும் முதலில் சாப்பாட்டு உப்பைப் போட்டுப் பார்த்துவிடுவேன். விடை +4க்குப் பக்கத்தில் வராவிட்டால் அந்த அட்டவணையை வைத்து வேறு எந்த உப்பையும் தொடுவதில்லை.

பையனின் −28க்குக் காரணம் வேறு. அவன் நீரேற்றத்துக்கு −784ஐ வைத்துக்கொண்டு, படிகக்கூட்டுக்கு எடுத்தது 756 ஆக இருக்க வேண்டும். அது போர்ன்-லாண்டே சூத்திரத்தில் அயனிகளை வெறும் மின்சுமை ஏறிய பந்துகளாக வைத்துப் போடும் கணக்கு. 788 என்பது போர்ன்-ஹேபர் சுழற்சியில் சோதனை அளவீடுகளைக் கொண்டு பெற்றது. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு சதவீதம்தான், சூத்திரம் அந்த அளவுக்குக் கிட்ட வருவதே பெரிய விஷயம். ஆனால் நாம் தேடும் விடை எவ்வளவு சின்னது பாருங்கள். 788இல் ஒரு சதவீதம் தவறினாலே எட்டு கிலோஜூல், அதாவது விடையைப் போல இரண்டு மடங்கு. லாரியை டிரைவரோடு எடை போட்டு, அப்புறம் டிரைவர் இல்லாமல் எடை போட்டு, கழித்து டிரைவரின் எடையைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலை இது. கரைசல் என்தால்பியின் எண் வேண்டுமென்றால் கலோரிமானியில் அளப்பதுதான் வழி. படிகக்கூடு, நீரேற்றக் கணக்கு அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கிக்கொள்வதற்கு.

சரி, விளக்கத்துக்கு வருவோம். பொட்டாசியம் குளோரைடைப் பக்கத்தில் வையுங்கள். படிகக்கூடு 717, பொட்டாசியத்துக்கு −322, குளோரைடுக்கு அதே −378, விடை +17. சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தை வைத்தவுடன் படிகத்தை உடைக்க 71 கிலோஜூல் குறைவாகச் செலவாகிறது. ஆனால் தண்ணீர் திருப்பிக் கொடுப்பது 84 குறைந்துவிடுகிறது. செலவைவிட வரவு அதிகமாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? படிகத்துக்குள் கணக்கில் வருவது நேர் அயனியின் மையத்துக்கும் எதிர் அயனியின் மையத்துக்கும் உள்ள தூரம். சோடியம் குளோரைடில் அது 282 பிகோமீட்டர், பொட்டாசியம் குளோரைடில் 315. குளோரைடு ஏற்கெனவே பெரிய ஆள். அந்தத் தூரத்தில் பெரும்பகுதி அவனுடையது. நேர் அயனி கொஞ்சம் பருத்தாலும் மொத்தத் தூரம் பன்னிரண்டு சதவீதம்தான் கூடுகிறது. தண்ணீரிலோ ஒவ்வொரு அயனியும் தனி ஆள். நீர் மூலக்கூறு எவ்வளவு கிட்ட வந்து ஒட்டலாம் என்பதை அந்த அயனியின் சொந்த ஆரம்தான் தீர்மானிக்கிறது. சோடியத்துக்கு 102, பொட்டாசியத்துக்கு 138. முப்பத்தைந்து சதவீதம் பெரிது. அதனால்தான் நீரேற்ற ஆற்றல் அவ்வளவு சரிகிறது.

அம்மோனியம் அயனி அளவில் ஏறத்தாழ பொட்டாசியம் மாதிரியே. ஆகவே நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடும் அதே வழியில் போகிறது: அளந்த மதிப்பு +14.8. எதிர் அயனியும் பருத்து, மின்சுமை பரவிக் கிடந்தால் குளிர்ச்சி இன்னும் கூடும். அம்மோனியம் நைட்ரேட் +25.7, பொட்டாசியம் நைட்ரேட் சுமார் +35. இந்தக் கடைசி உப்புதான் வெடியுப்பு. அக்பர் அரண்மனையில் குடிநீரைக் குளிரவைத்தது இதைக் கொண்டுதான் என்று அபுல் ஃபசல் அய்ன்-இ-அக்பரியில் எழுதியிருக்கிறார். ஐந்து சேர் தண்ணீரில் இரண்டரை சேர் வெடியுப்பைப் போட்டு, குடிநீர் நிறைந்த மூடிய பாத்திரத்தை அதற்குள் வைத்துச் சுழற்றுவார்களாம்.

இங்கே பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வெப்பத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டிய வேலையை உப்பு ஏன் தானாகவே செய்கிறது? படிகத்தில் வரிசையாக அடுக்கி இருந்த அயனிகள் தண்ணீரில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஆகும்போது என்ட்ரோபி கூடுகிறது. நவச்சாரத்துக்கு இது மோலுக்கு, கெல்வினுக்கு சுமார் 75 ஜூல். 298 கெல்வினால் பெருக்கினால் 22 கிலோஜூலுக்கு மேல் வரும். வாங்கும் வெப்பம் 14.8தான். ஆக கட்டிலா ஆற்றல் ஏழு, எட்டு கிலோஜூல் இறங்குகிறது, உப்பு கரைகிறது. தேவையான வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிடமிருந்தே உருவிக்கொள்கிறது. டம்ளர் சில்லிடுவது அதனால்தான்.

இனி வகுப்பில் செய்து காட்ட ஓர் அளவு சொல்கிறேன். நூறு மில்லி தண்ணீர், பத்து கிராம் நவச்சாரம். மோல் நிறை 53.5, பத்து கிராம் என்றால் 0.187 மோல். 14.8ஆல் பெருக்கினால் 2.77 கிலோஜூல். நூறு கிராம் தண்ணீருக்கு ஒரு டிகிரிக்கு 418 ஜூல். உப்புக்கும் கொஞ்சம் சேர்த்து 434 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2770ஐ 434ஆல் வகுத்தால் 6.4 டிகிரி இறங்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் செய்தால் நூறு கிராம் உலோகமும் சேர்ந்து குளிர வேண்டியிருப்பதால் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். அப்புறம் அறைச்சூடு உள்ளே ஏறுவது வேறு. எண் வேண்டுமானால் தெர்மாகோல் கப்பில் செய்யுங்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் எவர்சில்வரே நல்லது: சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் டம்ளரின் வெளிப்புறம், தண்ணீர் மட்டம் வரைக்கும் மட்டும், மூச்சு ஊதிய கண்ணாடி மாதிரி மங்கலாகும். விரலால் கோடு போடலாம்.

தண்ணீரை முந்தின நாளே பிடித்து அறையில் வைத்துவிடுங்கள். ஒரு வருடம் மே மாதத்தில் நான் குழாயிலிருந்து நேராகப் பிடித்துவிட்டேன். மாடித் தொட்டித் தண்ணீர், அறையைவிடச் சூடு. உப்புப் போடும் முன்பே வெப்பமானி இறங்கத் தொடங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருத்தி, "சார், இன்னும் நீங்க போடவே இல்லையே" என்றாள். உப்புப் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் வெப்பமானி அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது அன்றைக்குப் பிறகு வந்த பழக்கம்.

ஒப்பிட்டுக் காட்ட சாப்பாட்டு உப்பையும் அதே பத்து கிராம் போடுங்கள். ஒன்று அல்லது ஒன்றரை டிகிரிதான் இறங்கும். +3.9 என்பது மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு. செறிவு கூடக் கூட அது குறையும். அதனால் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் திகைக்க வேண்டாம்.

சூடாக்கும் உப்பு வேண்டுமென்று கால்சியம் குளோரைடை எடுப்பீர்கள். அங்கே பாட்டிலைப் படிக்காமல் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நீரற்ற கால்சியம் குளோரைடுக்கு மோலுக்கு சுமார் −82. பத்து கிராமில் பதினாறு, பதினேழு டிகிரி ஏறும். ஆனால் ஆறு நீர் மூலக்கூறுகளோடு படிகமாகி இருக்கும் அதே உப்புக்கு +16 அளவு. அது தண்ணீரைக் குளிர்விக்கும். முரண்பாடு ஒன்றும் இல்லை. அந்தப் படிகத்தில் கால்சியத்தைச் சுற்றி ஏற்கெனவே நீர் உட்கார்ந்திருக்கிறது. நீரேற்றத்தில் வர வேண்டிய வரவின் பெரும்பகுதி படிகம் உருவானபோதே வாங்கியாகிவிட்டது, கரைக்கும்போது செலவுதான் மிச்சம். சலவைச் சோடாவும் இப்படித்தான்: நீரற்ற சோடியம் கார்பனேட் சூடாக்கும், பத்து நீரோடு இருக்கும் படிகம் நன்றாகவே குளிர்விக்கும்.

ஆகவே லேபிளில் அன்ஹைட்ரஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் மூடியைத் திறந்து ஒரு தடவை ஸ்பூனால் கிளறுங்கள். உலர்ந்த மணியாகக் கொட்டினால் சரி. ஓரத்தில் ஈரம் கசிந்து கட்டி கட்டியாக இருந்தால் அது காற்றிலிருந்தே நீரை வாங்கிக்கொண்டுவிட்டது. பதினாறு டிகிரி எதிர்பார்த்த இடத்தில் ஏழோ எட்டோதான் ஏறும், பிள்ளைகள் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுவார்கள்.