ஃப்ளோ சைட்டோமெட்ரியில் லுகேமியா வகை எப்படித் தெரிகிறது?

"பையனுக்கு மஜ்ஜை எடுத்து ஃப்ளோ பார்த்து பி-ஏஎல்எல்னு எழுதியிருக்காங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?"

பி-ஏஎல்எல் என்பது பி செல் என்ற வெள்ளணு வகை முதிராத நிலையிலேயே பெருகும் ரத்தப் புற்றுநோய். அதைக் கண்டுபிடிப்பது செல்லில் இருக்கும் புரதங்களை வைத்துத்தான். ஒவ்வொரு புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிக்கு ஒரு ஒளிரும் சாயத்தைக் கோர்த்து, மஜ்ஜையோடு கலந்து, அப்புறம் செல்களை மெல்லிய திரவ ஓட்டத்தில் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓட விடுவார்கள். பக்கவாட்டில் சிதறும் ஒளி செல்லுக்குள் எவ்வளவு குருணை என்று சொல்லும். சாயம் ஒளிர்ந்தால் அந்தப் புரதம் இருக்கிறது.

திரையில் ஒரு செல் ஒரு புள்ளி. வெள்ளணுக்களில் இருக்கும் சிடி45 என்ற புரதத்தைக் கிடை அச்சிலும் பக்கச் சிதறலைச் செங்குத்திலும் போட்டால், முதிர்ந்த லிம்போசைட்டுகள் வலது கீழ் மூலையில் பளிச்சென்று நிற்கும், குருணை நிறைந்த நியூட்ரோஃபில்கள் மேலே போய்விடும், பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் பெரும்பாலும் மங்கலான சிடி45-ஓடு இடது கீழே குவியும். அந்தக் குவியலைச் சுற்றிக் கோடு போட்டு அதை மட்டும் பார்ப்பதுதான் கேட்டிங். உள்ளே பி செல்லின் சிடி19, இளம் பி செல்லின் சிடி10, முதிராத செல்லின் சிடி34 ஆகிய புரதங்கள் ஒளிர்ந்து, டி செல்லின் சிடி3-யும் மையலாய்டு வகையின் மையலோபெராக்சிடேஸும் இல்லையென்றால் பி-ஏஎல்எல் பக்கம்தான்.

சிக்கல் சிகிச்சைக்குப் பிறகு வரும். மீண்டுவரும் மஜ்ஜையில் ஹெமட்டோகோன் என்ற இயல்பான இளம் பி செல்களுக்கும் சிடி19, சிடி10 உண்டு, பார்த்தால் நோய் திரும்பிவிட்டது போலவே இருக்கும். அவை முதிர முதிர சிடி10 குறைந்து சிடி45 கூடுவதால் புள்ளிகள் வளைந்த வால் போலப் பரவும். லுகேமியா பெரும்பாலும் ஒரே இடத்தில் இறுக்கமாகக் குவிந்திருக்கும்.