பொன்னி புழுங்கலா, ஸ்டீமா, பிரவுனா?

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை. மருத்துவர் பச்சரிசியை நிறுத்தச் சொன்னார். கடையில் பொன்னி புழுங்கல், பொன்னி ஸ்டீம், பிரவுன் அரிசி மூன்றும் இருக்கின்றன. புழுங்கல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சர்க்கரை ஏறாத அரிசி என்று ஒன்று கிடையாது, அம்மா. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. புழுங்கலில் 77, பிரவுனில் 75. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அது எவ்வளவு வேகமாகச் செரித்து இரத்தத்தில் சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் வேகவைத்து, காயவைத்து அரைப்பதுதான் புழுங்கல். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின் தண்ணீரில் கரைந்து அரிசிக்கு உள்ளே போகிறது. உள்ளே மாவு வெந்து இறுகிக்கொள்வதால், பிறகு மில்லில் தவிட்டை நீக்கினாலும் அதில் ஒரு பங்கு தங்கிவிடும். 100 கிராம் பச்சரிசியில் பி1 சுமார் 0.05 மில்லிகிராம், புழுங்கலில் 0.17, பிரவுனில் 0.27. புழுங்கலில் பச்சரிசியைப்போல மூன்று மடங்கு! நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்து செத்துக்கொண்டிருந்தபோது, புழுங்கல் சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. காரணம் இதுதான்.

ஆனால் இரும்புச்சத்து அப்படி உள்ளே நகர்வதில்லை. பச்சரிசியில் 0.65, புழுங்கலில் 0.72, பிரவுனில் 1 மில்லிகிராம் அளவுதான். பிரவுனில் இருப்பதிலும் ஒரு பகுதியைத் தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலம் உடம்பில் சேரவிடாது. இரும்புக்கு அரிசியை நம்பாதீர்கள். கீரையும் பயறும் தனியாக வேண்டும்.

சரி, சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். ஆவியில் வெந்த மாவு ஆறும்போது அதன் ஒரு பகுதி இறுகி, செரிக்க நேரமெடுக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது எவ்வளவு நன்றாக அவித்தார்கள் என்பதைப் பொறுத்தது. வங்கதேசத்தின் பிஆர்16 என்ற ஒரே ரக நெல்லை மூன்று விதமாகத் தயாரித்து, சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை ஏற்றும் குறியீடு பச்சரிசிக்கு 55, சாதாரணமாக அவித்ததற்கு 46, அழுத்தத்தில் நன்றாக அவித்ததற்கு 39. இந்த எண்களை நம் பொன்னிக்கு அப்படியே பொருத்தக் கூடாது, அந்த ரகம் வேறு. ஆனால் அவிப்பு கூடக் கூட ஏற்றம் குறைகிறது என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் ஸ்டீம் அரிசியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாதம் வெள்ளையாகவும் மென்மையாகவும் வர வேண்டும் என்று நெல்லுக்கு லேசாக ஆவி காட்டி எடுப்பது அது. பெயரில் ஆவி இருந்தாலும் குணத்தில் பச்சரிசிக்குப் பக்கத்தில் நிற்கும்.

கடையில் பத்து அரிசியை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாக அவிந்தது கண்ணாடிபோல ஒளி ஊடுருவி, லேசான தேன் நிறத்தில் இருக்கும். நடுவில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி வெள்ளை தெரிந்தால் உள்வரை அவியவில்லை. ஒன்றைக் கடித்து, உடைந்த இடத்தையும் பாருங்கள்.

பிரவுன் அரிசியில் தவிடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், செரிப்பதும் மெதுவாக. அவருக்குப் பிடித்தால் அதுவே முதல் தேர்வு. ஆனால் தவிட்டு எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். பேக்கிங் தேதி பார்த்து ஒரு கிலோ, இரண்டு கிலோவாக மட்டும் வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஊறவைக்காமல் வேகவைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும், அப்புறம் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் எது ஒத்துவருகிறது என்பதைக் குளுக்கோமீட்டரே சொல்லும். ஒரு நாள் மதியம் நல்ல புழுங்கல், இன்னொரு நாள் பிரவுன். இரண்டு நாளும் அதே கிண்ணத்தில் ஒரே அளவு சாதம், அதே சாம்பார், அதே பொரியல். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை சோதித்து, எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அரிசிக்கும் இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு மூட்டை வாங்கலாம்.